பதினாறு கனமீட்டரும் நாற்பது சென்டிமீட்டரும்: ஊர்ச் சாலைச் சிறுபாலத்துக்கு அளவு பார்ப்பது எப்படி

கடலூர்ப் பக்கக் கிராமங்களில் "கல்வெட்டாண்ட இறங்கிக்கிறேன்" என்று ஒருவர் பஸ்ஸில் சொன்னால், அங்கே சோழர் காலத்து எழுத்து எதுவும் இருக்காது. கல்வர்ட் என்ற சொல் ஊர் வாயில் புகுந்து கல்வெட்டாகி வந்திருக்கிறது. சாலைக்குக் குறுக்கே ஓடையோ வாய்க்காலோ போகும் இடத்தில், தண்ணீரை அடியில் விட்டுவிட்டு வண்டியை மேலே விடும் சிறுபாலம்தான் அது. இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி நூல்கள் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கின்றன. மொத்த நீளம் 6 மீட்டர் வரை இருந்தால் கல்வர்ட், அதற்கு மேல் போனால் பாலம்.

இவ்வளவு சின்னக் கட்டுமானத்துக்குக் கணக்கு எதற்கு, ஓடை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடையின் அகலம் வழக்கமான மழைக்கு ஓடை தனக்குத்தானே வெட்டிக்கொண்ட அகலம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரு நாள் மழை 45 செ.மீ.யைத் தாண்டியது. அந்த மாதிரி நாளில் ஓடையின் கரை எங்கே, வயல் எங்கே என்றே தெரியாது.

சிறுபாலத்தின் அளவை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, எவ்வளவு தண்ணீர் வரும் என்பது. இதை வடிவமைப்பு வெள்ளம் என்கிறோம். மற்றொன்று, அந்தத் தண்ணீர் சாலையின் மேல்புறத்தில் எவ்வளவு உயரம் வரை தேங்கி நிற்க நாம் சம்மதிக்கிறோம் என்பது. இதை மேல்நீர் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் நம்மூர் மாதிரித் தட்டையான பூமியில் பாலத்தின் அகலம் பெரும்பாலும் இரண்டாவது எண்ணில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கீழே வரும் அளவுகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்தப் பகுதியில் சாதாரணமாகச் சந்திக்கும் அளவுகளைப் போன்றவையே.

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே செம்மண் மேடு. முந்திரித் தோப்பும் சோளக் கொல்லையும் கலந்த பூமி. அங்கே பெய்யும் மழை கிழக்கே தாழ்ந்து, பெருமாள் ஏரிப் பக்கத்துப் பள்ளத்தை நோக்கி இறங்கும். நடுவில் ஓர் ஊர்ச் சாலை ஓர் ஓடையைக் கடக்கிறது. இப்போது அங்கே இருப்பது ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒற்றை ஹியூம் குழாய். மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை சாலைமேல் தண்ணீர் ஏறுகிறது. மேல்புறத்தில், ஓடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆறேழு வீடுகள்.

முதல் வேலை, இந்த இடத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நிலம் எவ்வளவு என்று பார்ப்பது. டோப்போ ஷீட் என்னும் நில அளவை வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மேட்டு விளிம்பைச் சுற்றி வரைந்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி கிடைக்கும். நம் கணக்கில் அது 180 ஹெக்டேர், அதாவது 1.8 சதுர கி.மீ. வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. இந்தச் சரிவில் ஒரு அடி உயர வரப்போ, புதிதாகப் போட்ட மனைப்பிரிவுச் சாலையோ தண்ணீரை அடுத்த ஓடைக்குத் திருப்பிவிடும். மேலே ஒரு சின்ன ஏரி இருந்தால், அதன் கலுங்கு எந்தப் பக்கம் வழிகிறது என்பதைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். ஏரி மழையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று கழித்துவிடத் தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் பெரிய மழை வரும்போது ஏரி ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கும்.

அடுத்து, மிகத் தொலைவிலிருக்கும் மூலையில் விழுந்த துளி பாலத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வி. அந்த நேரம் வரை மழை விடாமல் பெய்தால்தான் மொத்த நிலமும் ஒரே சமயத்தில் பாலத்துக்குத் தண்ணீர் கொடுக்கும். வழிகாட்டி நூல் தரும் சூத்திரம் இது:

```
tc = (0.87 × L³ / H)^0.385
```

L என்பது தண்ணீர் நடக்கும் தூரம், கிலோமீட்டரில். H என்பது அந்தத் தூரத்தில் நிலம் இறங்கும் உயரம், மீட்டரில். tc மணிக் கணக்கில் வரும். நம் ஓடைக்குத் தூரம் 2.4 கி.மீ., இறக்கம் 12 மீட்டர். போட்டுப் பார்த்தால் சரியாக ஒரு மணி நேரம். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு நாள் மழை அல்ல, ஒரு மணி நேரத்து மழை. 45 செ.மீ. என்று செய்தியில் படித்ததை அப்படியே எடுத்துப் போட முடியாததற்கு இதுதான் காரணம்.

எந்த ஒரு மணி நேரம்? ஊர்ச் சாலைச் சிறுபாலத்துக்கு 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையை எடுப்பது பரவலான வழக்கம். 25 ஆண்டு வெள்ளம் என்றால் 25 வருஷம் கழித்துத்தான் வரும் என்று அர்த்தமில்லை. எந்த ஒரு வருஷத்திலும் வர நூற்றுக்கு நான்கு வாய்ப்பு. 25 வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால், அதற்குள் ஒருமுறையாவது அதைத் தொடவோ தாண்டவோ நூற்றுக்கு 64 வாய்ப்பு. இதைச் சொன்னால் ஊராட்சித் தலைவர்கள் முகம் சுருங்கிப்போகும். ஆனால் உண்மை அதுதான். சிறுபாலம் வெள்ளத்தையே பார்க்காமலிருக்கக் கட்டப்படுவதில்லை.

மத்திய நீர் ஆணையமும் வானிலைத் துறையும் சேர்ந்து வெளியிட்ட வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளில் 25, 50, 100 ஆண்டுகளுக்கான 24 மணி நேர மழை வரைபடங்கள் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு மணி நேர மழைக்கு இறங்கி வர விகிதமும் உண்டு. நம் கணக்குக்கு மணிக்கு 8 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். பெய்ததெல்லாம் ஓடையில் சேராது. மண் குடித்தது போக மீதிதான். பயிரிடப்பட்ட, லேசான மரப் போர்வையுள்ள வண்டல் கலந்த மண்ணுக்கு 0.40, அதாவது பத்துக்கு நான்கு பங்கு ஓடும் என்று எடுக்கலாம். கீழே Q வெள்ளம், P இந்தப் பங்கு, A ஹெக்டேரில் பரப்பு, I மணிக்கு இத்தனை செ.மீ. என்ற மழை.

```
Q = 0.028 × P × A × I
Q = 0.028 × 0.40 × 180 × 8 = 16.1
```

வினாடிக்கு 16.1 கனமீட்டர். கன அடியில் சொன்னால் ஏறக்குறைய 570.

இந்த ஒரு விடையோடு நிறுத்திவிடக் கூடாது. 0.40 என்று நான் எடுத்ததை இன்னொருவர் 0.30 என்பார். இரண்டுமே தவறில்லை, ஆனால் வெள்ளம் கால் பங்கு குறைந்துவிடும். அதனால்தான் வேறு இரண்டு வழிகளிலும் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்று, சென்னை மாகாண காலத்திலிருந்து தெற்கில் புழங்கிவரும் ரைவ்ஸ் சூத்திரம். பரப்பை மட்டும் வைத்து வெள்ளத்தைச் சொல்வது. கடற்கரையிலிருந்து 25 கி.மீ.க்குள் இருக்கும் நிலத்துக்கு அதன் கெழு 6.8. நம் 1.8 சதுர கி.மீ.க்கு அது தருவது 10.1 கனமீட்டர்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஓடையில் இறங்கி, உண்மையில் வந்த வெள்ளத்தைத் தேடுவது. வேலிக் கம்பியில் சிக்கிய வைக்கோல், மண்சுவரில் படிந்த சேற்றுக் கோடு, சீமைக்கருவேலக் கிளையில் தொங்கும் பிளாஸ்டிக் பை. இவை எல்லாவற்றையும் லெவல் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் கேட்பதும் உண்டு. ஆனால் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் "இடுப்பு வரைக்கும் வந்துச்சு தம்பி" என்றால் அடுத்தவர் மார்பு வரை ஏற்றுவார். "வந்து இந்த இடத்துல கைய வச்சுக் காட்டுங்க ஐயா" என்று அவரவர் வீட்டுச் சுவரிலேயே காட்டச் சொன்னால் அளவு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

அப்படிக் கிடைத்த குறியில் ஓடையின் குறுக்கு வெட்டைப் போட்டோம் என்று வையுங்கள். அடி அகலம் 7 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர், இருபுறமும் சாய்ந்த கரை. பாய்ச்சல் பரப்பு 10.6 ச.மீ. ஓடையின் சரிவு 500-க்கு ஒன்று, படுகையில் புல்லும் புதரும். ஓடையில் தண்ணீர் ஓடும் வேகத்தைச் சொல்லும் மேனிங் சூத்திரத்தில் இட்டால் வேகம் வினாடிக்கு 1.07 மீட்டர், வெள்ளம் 11.3 கனமீட்டர்.

இப்போது கையில் மூன்று விடைகள்: 16.1, 11.3, 10.1. சராசரி எடுக்கக் கூடாது. வழிகாட்டி நூலின் விதி எளிமையானது. மிகப் பெரிய விடை, அதற்கடுத்த விடையைவிட ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் பெரியதையே எடு. தாண்டினால், அடுத்ததன் ஒன்றரை மடங்கோடு நிறுத்து. 11.3-இன் ஒன்றரை மடங்கு ஏறக்குறைய 17. நம் 16.1 அதற்குள் இருக்கிறது. ஆகவே வடிவமைப்பு வெள்ளம் வினாடிக்கு 16 கனமீட்டர்.

இனி இரண்டாவது எண். ஓடையின் படுகை மட்டத்தை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதிய சாலையின் விளிம்பு 12.50. வெறும் சாலையை மட்டும் பார்த்தால், அரை மீட்டர் விட்டு 12.00 வரை தண்ணீர் நிற்கலாம் என்று எழுதிவிடலாம். பல டிசைன் நோட்டுகள் அங்கேயே முடிந்துவிடும். மேல்புறத்து வீடுகளில் மிகத் தாழ்வான வீட்டு வாசற்படி மட்டம் எடுத்தோம்: 12.15. வாசற்படிக்குக் கீழே 30 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஆகவே வரம்பு 11.85. சாலையைக் காப்பாற்ற எழுப்பிய கரை ஊரை மூழ்கடிக்கும் அணையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வரம்பு. வீடு இல்லாத இடத்தில் நாற்றங்காலோ, மோட்டார் கொட்டகையோ, பக்கத்து ஓடைக்குள் தண்ணீர் தாவிவிடும் தாழ்வான வரப்போ வரம்பை வைக்கும். மேல்புறத்தில் 200, 300 மீட்டர் நடந்து பார்க்காமல் இந்த எண்ணை எழுதவே முடியாது.

அடுத்து கீழ்ப்புறம். 16 கனமீட்டர் ஓடும்போது பாலத்துக்குக் கீழே ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? அதே மேனிங் கணக்கில் ஆழம் ஏறக்குறைய 1.45 மீட்டர், மட்டம் 11.45. இதைக் கீழ்நீர் மட்டம் என்போம்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கீழ்ப்புறம் 11.45. மேல்புறம் போகக்கூடிய உச்சம் 11.85. தண்ணீரைப் பாலத்துக்குள் தள்ள நம்மிடம் இருக்கும் மொத்த விசை இந்த 40 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் மட்டுமே. மலைச்சரிவில் இதே வெள்ளத்துக்கு இரண்டு மீட்டர் வித்தியாசம் கிடைக்கும். அங்கே சின்ன வாயே போதும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய்விடும். இங்கே 40 சென்டிமீட்டரில் 16 கனமீட்டரைக் கடத்தியாக வேண்டும்.

இந்த 40 செ.மீ. எங்கே செலவாகிறது? பாலத்தின் வாயில் நுழையும்போது தண்ணீர் நெருக்கியடித்துக் கொஞ்சம் இழக்கிறது. உள்ளே கான்கிரீட்டில் உரசிக் கொஞ்சம். வெளியே வந்து அகன்ற ஓடையில் கலக்கும்போது மீதி வேகமெல்லாம் சுழலாகி வீணாகிறது. மூன்றையும் சேர்த்து ஒரு சூத்திரம்:

```
h = (Ke + Kf + 1) × V² / 2g
```

h உயர வித்தியாசம், V பெட்டிக்குள் தண்ணீரின் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம். Ke நுழைவு இழப்பு. சாய்ந்த சிறகுச் சுவர் கட்டினால் 0.4 எடுக்கலாம். Kf உரசல் இழப்பு. எட்டரை மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பெட்டிக்கு அது 0.1 அளவுதான். கடைசி 1 வெளியேறும் இழப்பு. கூட்டினால் 1.5. உரசல் எவ்வளவு சின்னப் பங்கு என்பதைக் கவனியுங்கள். பெட்டிக்குள்ளே வழுவழுவென்று பூசுவதில் பெரிய லாபம் எதுவும் இல்லை. வேகத்தைக் குறைத்தால்தான் லாபம், ஏனென்றால் இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

h-க்கு 0.40 இட்டுத் திருப்பிப் போட்டால் V வினாடிக்கு 2.29 மீட்டர். 16 கனமீட்டரை அதால் வகுத்தால் 7 ச.மீ. பாய்ச்சல் பரப்பு வேண்டும். பெட்டிக்குள் தண்ணீர் ஆழம் 1.45 என்றால் அகலம் 4.83 மீட்டர். ஆகவே 2.5 மீட்டர் அகலத்தில் இரண்டு கண்கள். நடுச் சுவரையும் சேர்த்தாலும் 6 மீட்டருக்குள் அடங்குகிறது.

இதே கணக்கில் பழைய ஹியூம் குழாயையும் சோதித்துவிடலாம். ஒரு மீட்டர் குழாய், 40 செ.மீ. வித்தியாசத்தில், வினாடிக்கு 1.7 கனமீட்டர்தான் விடும். 16-க்கு அப்படிப் பத்துக் குழாய் வேண்டும். "பக்கத்துல இன்னொரு குழாய் போட்டுட்டா சரியாப் போயிடும் சார்" என்று சொல்பவரிடம் காட்ட இந்த ஒரு வரி போதும்.

இனி ஆரம்பக்காரர்கள் அதிகம் விழும் குழியைச் சொல்கிறேன். நானும் அதில் விழுந்து எழுந்தவன்தான். செலவைக் குறைக்க 2.2 மீட்டர் அகலத்தில் இரண்டு கண் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். பாலத்தின் வாயை ஓர் அகன்ற கலுங்கு மாதிரிப் பாவித்து, நுழைவு மட்டும் எவ்வளவு விடும் என்று பார்க்கும் சுருக்கமான கணக்கு ஒன்று உண்டு:

```
Q = 1.5 × B × H^1.5
```

B இரண்டு கண்ணின் மொத்த அகலம், H படுகையிலிருந்து மேல்நீரின் உயரம். இழப்பே இல்லாத கலுங்குக்கு அந்தக் கெழு 1.7. நடுச் சுவரும் மூலைகளும் தண்ணீரை நெருக்குவதால் நான் 1.5 வைக்கிறேன். 4.4 மீட்டர் அகலத்துக்கு H 1.80 வருகிறது. மேல்நீர் மட்டம் 11.80. வரம்பு 11.85-க்குள் இருக்கிறது, அளவு சரி என்று கையெழுத்துப் போட்டுவிடலாம்.

போடக் கூடாது. இந்தக் கணக்கு கீழ்ப்புறத்தில் என்ன நடக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே நுழைந்ததும் தடையில்லாமல் ஓடிவிடும் என்று அது நம்புகிறது. கீழ்நீர் 11.45-இல் நின்றுகொண்டு எதிர்க்கும்போது, முந்தைய இழப்புச் சூத்திரத்தைப் போட்டால், 2.2 மீட்டர்க் கண்களில் வேகம் 2.5, இழப்பு 48 செ.மீ., மேல்நீர் 11.93. வரம்பை 8 செ.மீ. தாண்டிவிட்டது.

இரண்டு கணக்கையும் போட வேண்டும். நுழைவு கட்டுப்படுத்தினால் ஒரு மட்டம், வெளியேற்றம் கட்டுப்படுத்தினால் ஒரு மட்டம். எது உயரமோ அதுதான் வெள்ளத்தன்று நிற்கப்போகும் தண்ணீர். 2.5 மீட்டர்க் கண்களுக்கு நுழைவுக் கணக்கு 11.66 தருகிறது, வெளியேற்றக் கணக்கு 11.82. பெரியது 11.82, வரம்புக்குள். கடலூர், புதுச்சேரிச் சமவெளியில் பத்தில் ஏழெட்டு இடத்தில் வெளியேற்றக் கணக்குதான் பெரியதாக வரும் என்பது என் அனுபவம். கீழே ஏரியோ, பரவனாறோ, உப்பனாறோ ஏதாவது ஒன்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேயிருக்கும்.

அதனால் ஏரி நிரம்பினால் என்ன என்றும் ஒருமுறை பார்க்கிறேன். பள்ளத்துத் தண்ணீர் ஏறி, கீழ்நீர் 11.60 ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், மேல்நீர் 11.95-க்கு வரும். வாசற்படிக்கு இன்னும் 20 செ.மீ. இருக்கிறது. வரம்பில் விட்ட 30 செ.மீ. இந்த மாதிரி நாளுக்காகத்தான். அதை ஆரம்பத்திலேயே கணக்கில் செலவு செய்துவிட்டால் அன்றைக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பெட்டியின் உயரத்துக்கு வருவோம். இதுவரை 1.5 மீட்டர் என்று மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டோம். அப்போது கூரையின் அடிப்பக்கம் 11.50. மேல்நீரோ 11.82. அதாவது பாலத்தின் வாய் 32 செ.மீ. முழுகியிருக்கிறது. சூத்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வெள்ளத்தோடு ஆகாயத்தாமரை வரும், கருவேல முள் வரும், முந்திரித் தோப்பில் வெட்டிப்போட்ட கிளை வரும். மிதந்து வருவதெல்லாம் முழுகிய கூரையில் முட்டி நின்று கண்ணை அடைக்கும். ஒரு கண் பாதி அடைத்தால் கால் பங்குப் பரப்பு போயிற்று, 11.82 என்பதெல்லாம் காகிதத்தோடு சரி. அதனால் நான் 1.8 மீட்டர் உயரம் எடுப்பேன். கூரை அடி 11.80, மேலே கூரைக் கனமும் சாலைப் பரப்பும் போட இடம் இருக்கிறது. வடிவமைப்பு வெள்ளத்தில் தண்ணீர் ஓடுவது 1.45 ஆழத்தில்தான், ஆகையால் மேல்நீரில் பெரிய மாற்றம் வராது. குப்பை கடந்து போகும். கோடையில் ஒருவர் மண்வெட்டியோடு உள்ளே புகுந்து மண் அள்ளவும் முடியும். பத்துக் குழாய்க்குப் பதில் இரண்டு பெட்டி என்பதற்கும் இதுதான் உண்மையான காரணம்.

கணக்கைத் தாண்டி வெள்ளம் வந்தால்? 20 விழுக்காடு கூட்டி 19.2 கனமீட்டர் என்று போட்டுப் பார்க்கிறேன். கீழ்நீரும் ஏறி 11.62 ஆகிறது. 1.5 மீட்டர் உயரப் பெட்டியென்றால் மேல்நீர் 12.12, வாசற்படிக்கு மூன்று விரற்கடை கூட இல்லை. 1.8 மீட்டர் என்றால் 12.05. அதற்கும் மேலே போனால் சாலையைத் தண்ணீர் தாண்டுவதற்கு வீடுகளுக்கு எதிர்த் திசையில் 20 மீட்டர் தூரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, கான்கிரீட் போட்டு விட்டுவிடலாம். சாலை முழுவதையும் உயர்த்திக் கட்டினால் வெள்ளம் தனக்குப் பிடித்த இடத்தில் உடைத்துக்கொண்டு போகும், பெரும்பாலும் அது பாலத்தின் தோள்பட்டையாக இருக்கும்.

கடைசியாக, வெளியே வரும் வேகம். பெட்டியிலிருந்து 2.2 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர், 1.2 மீட்டருக்குப் பழகிய ஓடைப் படுகையில் விழுகிறது. செம்மண் படுகை தாங்காது. ஒரே மழைக்காலத்தில் பாலத்தின் கீழ்ப்புற விளிம்பில் முழங்கால் ஆழம் பள்ளம் விழும், அடுத்த வருஷம் அடித்தளம் தெரியும். அதற்காகத்தான் பெட்டிக்கு வெளியே கல் பாவிய தளமும், அதன் முனையில் மண்ணுக்குள் இறங்கும் தடுப்புச் சுவரும். எஸ்டிமேட்டில் பணம் பற்றாக்குறை என்றால் முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டும்தான். அதற்குப் பதில் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டைக் குறைத்திருக்கலாம் என்று நான் முணுமுணுத்தது பல முறை.

பாலம் கட்டியான பிறகு, மேல்புறத் தலைச்சுவரிலும் கீழ்ப்புறத் தலைச்சுவரிலும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு என்று அளவுக் குறி எழுதச் சொல்லுங்கள். அடைமழை நாளில் யாராவது குடையைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு பக்கமும் படித்துவிட்டு வரட்டும். கீழ்ப்புறம் முழங்கால் அளவுதான் ஓடுகிறது, மேல்புறமோ அதைவிட 30, 40 செ.மீ. உயர்ந்து நிற்கிறது என்றால், அது வெள்ளத்தின் வேலை அல்ல. உள்ளே எங்கோ முள் கட்டை மாட்டியிருக்கிறது, மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஆளை இறக்கி எடுக்க வேண்டும்.